ஒரே ஆளுக்கு நான்கு பதிவுகள்: எது புதிய இலக்கம், எதை அழிப்பது?

*புதிய அன்ட்ரொய்ட் கைப்பேசிக்கு மாறியதிலிருந்து ஒரே ஆளின் பெயர் இரண்டு, மூன்று தடவை வருகிறது. சில பெயர்களில் பழைய இலக்கமும் புதிய இலக்கமும் தனித்தனியாகக் கிடக்கின்றன. எது புதியது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எப்படி அழிப்பது? எண்ணூறு பெயர்களுக்கு மேல் இருக்கின்றன. வெள்ளவத்தையில் இருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.*

கைப்பேசியில் உள்ள Merge என்னும் வசதி, நீங்கள் கேட்கும் இரண்டு வேலைகளில் ஒன்றை மட்டுமே செய்யும். இரண்டு பதிவுகளை ஒன்றாக்கும்போது அது இரண்டிலும் உள்ள இலக்கங்கள், மின்னஞ்சல் முகவரிகள் அனைத்தையும் ஒரே பதிவுக்குள் கொண்டுவந்து வைக்கும். அவற்றில் எது இன்று பாவனையில் உள்ளது, எது ஐந்து வருடங்களுக்கு முன் கைவிடப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. ஏனென்றால், தொடர்புப் பட்டியலில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியாகத் திகதி குறிக்கப்படுவதில்லை. ஒரு பதிவு எப்போது சேர்க்கப்பட்டது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பவை மட்டுமே, அதுவும் பதிவு முழுவதற்கும் பொதுவாக, வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே எது புதியது என்பதை இணைப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பலர் முதலில் Merge all என்பதை அழுத்திவிட்டு, பிறகு உட்கார்ந்து பழைய இலக்கங்களைத் தேடுகிறார்கள். அப்போது, எந்த இலக்கம் எந்தப் பதிவில் இருந்தது, அந்தப் பதிவு எப்போது சேர்க்கப்பட்டது, எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்ற அடையாளங்கள் எல்லாம் கலைந்துபோயிருக்கும். இணைத்த அன்றே அந்தப் பதிவு திருத்தப்பட்ட நாளும் இன்றைய நாளாகிவிடும். இணைப்பதற்கு முன் இருந்த சான்று, இணைத்த பிறகு கிடைக்காது.

கை வைப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கூகுளின் Contacts செயலியில் Organize என்ற பகுதிக்குச் சென்று Export to file என்பதைத் தெரிவு செய்தால், நீங்கள் குறிக்கும் கணக்குகளில் உள்ள பதிவுகள் எல்லாம் .vcf என்று முடியும் ஒரு கோப்பாக வெளிவரும். அந்தக் கோப்பைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாமல் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். கூகுள் கணக்கில் உள்ள பதிவுகளுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு: கணினியில் contacts.google.com பக்கத்தைத் திறந்து, அமைப்புகளில் உள்ள Undo changes மூலம், கடந்த 30 நாட்களுக்குள் எந்த நிலைக்கும் பட்டியலைத் திருப்பலாம். ஆனால் அது பட்டியல் முழுவதையும் திருப்பும். நீங்கள் குறிப்பிடும் நேரத்துக்குப் பின் செய்த நல்ல திருத்தங்களும் அதோடு போய்விடும். சிம்மிலும் கைப்பேசியின் உள் நினைவகத்திலும் இருக்கும் பதிவுகளை அது தொடவே தொடாது. அதனால்தான் .vcf கோப்பு தனியாக வேண்டும் என்கிறேன்.

அடுத்து, உங்கள் பதிவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஓர் அன்ட்ரொய்ட் கைப்பேசியின் பட்டியல் ஒரே ஏடு போலத் தோன்றினாலும், உண்மையில் அது பல ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுகிறது. கூகுள் கணக்கு ஓர் ஏடு. சிம் ஓர் ஏடு. கைப்பேசியின் உள் நினைவகம் ஓர் ஏடு. சம்சுங் கைப்பேசி என்றால் சம்சுங் கணக்கு இன்னோர் ஏடு. வேலையிடத்துக்கென்று இரண்டாவது கூகுள் கணக்கு வைத்திருந்தால் அதுவும் சேரும். புதிய கைப்பேசிக்கு மாறியபின் பெயர்கள் இரட்டிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: பழைய கைப்பேசியில் உள் நினைவகத்தில் இருந்தவை, மாற்றும்போது புதியதன் உள் நினைவகத்துக்கு வந்துவிடுகின்றன; அதே ஆட்கள் கூகுள் கணக்கு வழியாகவும் வந்து இறங்குகிறார்கள்; கடைக்காரர் சிம்மைப் போட்டவுடன் அதிலிருந்தும் ஒருமுறை இறக்கிக் கொடுத்திருப்பார்.

சிம்மிலிருந்து வந்த பதிவைக் கண்ணால் பார்த்தே அடையாளம் காணலாம். பொதுவாக அதில் ஒரு பெயரும் ஓர் இலக்கமும் மட்டும் இருக்கும். படமோ மின்னஞ்சலோ இருக்காது. நீளமான பெயர் என்றால் பாதியில் அறுந்திருக்கும். தமிழ் எழுத்துக்கு சிம்மில் ஆங்கில எழுத்தைவிட அதிக இடம் தேவைப்படக்கூடும் என்பதால் தமிழ்ப் பெயர்கள் இன்னும் முன்னதாகவே அறுபடும். "கொட்டாஞ்சே" என்று முடியும் ஒரு பெயரைப் பார்த்தால் அது சிம்மில் ஒருகாலம் வாழ்ந்தது என்று துணிந்து சொல்லலாம்.

இந்த ஏடுகளை எல்லாம் ஒரே கூகுள் கணக்குக்குள் கொண்டுவந்த பிறகே மற்றவை. சம்சுங் கைப்பேசியில் Manage contacts என்பதற்குள் Move contacts என்று உண்டு. அது பதிவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும். சிம்மிலிருந்து இறக்குவது அப்படியல்ல. அது பிரதி எடுக்கிறது, மூலப் பதிவு சிம்மிலேயே தங்கும். எனவே சிம்மில் இருப்பவை கணக்குக்குள் வந்துவிட்டன என்று உறுதி செய்தபின் சிம்மில் உள்ளவற்றை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த கைப்பேசியிலும் இதே கதை தொடங்கும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பதிவுகள் சிலவேளை உண்மையில் ஒன்றாக்கப்படாமல், ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு ஒரே பெயராகக் காட்டப்படுகின்றன. வெவ்வேறு கணக்குகளில் இருக்கும் பதிவுகளைக் கைப்பேசி இப்படித்தான் கையாளும். திரையில் ஒரு பெயர். அடியில் இரண்டு பதிவுகள். அந்த ஒரு பெயரை அழித்தால் அடியில் இருக்கும் இரண்டும் போய்விடும். "பழையதை அழித்தேன், புதியதும் காணாமல் போய்விட்டது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறியிருக்கிறார்கள். கூகுளின் செயலியில் ஒரு பெயரைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, View linked contacts என்று இருக்கிறதா என்று பார்த்தால் விளங்கிவிடும். கணினியிலும் பார்க்கலாம்: contacts.google.com இல் அதே ஆள் இன்னும் இரண்டு பேராகத் தெரிந்தால், கைப்பேசி பிணைத்துக் காட்டுகிறதே தவிர, ஒன்றாக்கவில்லை என்று பொருள்.

இனி இரட்டைகளைக் கண்டுபிடிக்கும் வேலை. கூகுளின் Merge & fix பகுதி ஓரளவுக்கு உதவும்; பெயரும் இலக்கமும் பொருந்திவரும் பதிவுகளை அது எடுத்துக் காட்டும். ஆனால் எங்கள் பட்டியல்களில் அதன் கண்ணுக்கு எட்டாதவை நிறைய இருக்கும். ஒரே ஆளை நாங்கள் ஓரிடத்தில் தமிழிலும் ஓரிடத்தில் ஆங்கில எழுத்திலும் எழுதுகிறோம். ஒரு பதிவில் முழுப்பெயர், இன்னொன்றில் வீட்டுப்பெயர். தமிழிலேயே எழுதினாலும் ஒருவர் ஸ்ரீதரன் என்பார், மற்றவர் சிறீதரன் என்பார். இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு: "ஸ்ரீ" என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று "ஸ" என்ற எழுத்தில் தொடங்கும். மற்றது "ஶ" என்ற, பார்வைக்கு வேறான, பலர் அறியாத எழுத்தில் தொடங்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் ஒன்றைத் தேடினால் மற்றதைக் காட்டாது. எந்த விசைப்பலகையில் பெயர் அடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து இது மாறும்.

ஆகவே பெயரை நம்பாமல் இலக்கத்தை நம்ப வேண்டும். இலக்கத்திலும் ஒரு சிக்கல்: இலங்கைக் கைப்பேசி இலக்கம் ஒன்றை 077 என்று தொடங்கியும் எழுதலாம், +9477 என்றும் எழுதலாம், 009477 என்றும் எழுதலாம், இடையில் கோடும் இடைவெளியும் வேறு. இவை எல்லாவற்றிலும் மாறாதது கடைசி ஒன்பது இலக்கங்கள்தான். ஒவ்வொரு பதிவிலும் அந்த ஒன்பதை மட்டும் வெட்டி எடுத்து வரிசைப்படுத்தினால், ஒரே இலக்கம் எத்தனை பெயர்களில் ஒளிந்திருக்கிறது என்று வெளிச்சமாகிவிடும். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினரின் இலக்கங்களுக்கும் இதே வழி பொருந்தும்.

எண்ணூறு பதிவுகளை விரலால் உருட்டிப் பார்ப்பதைவிட இதைக் கணினியில் செய்வது நல்லது. contacts.google.com இலிருந்து பட்டியலை Google CSV வடிவில் இறக்கி, கூகுள் ஷீட்ஸில் திறவுங்கள். பெயர் உள்ள நிரலையும் Phone 1 - Value என்ற நிரலையும் ஒரு புதிய தாளின் A, B நிரல்களில் ஒட்டுங்கள். C2 இல் முதல் வரியையும் D2 இல் இரண்டாவது வரியையும் இட்டு, கீழே இறுதிவரை இழுத்துவிடுங்கள்.

```
=RIGHT(REGEXREPLACE(TO_TEXT(B2),"\D",""),9)
=IF(C2="","",COUNTIF(C:C,C2))
```

முதல் வரி, இலக்கத்தில் உள்ள கூட்டல் குறி, கோடு, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கி, கடைசி ஒன்பதை எடுக்கும். இரண்டாவது, அந்த ஒன்பது பட்டியலில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணும். பிறகு C நிரலின்படி வரிசைப்படுத்தினால், D நிரலில் 2 அல்லது அதற்கு மேல் உள்ளவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஒருவருக்கு Phone 2 - Value என்ற நிரலிலும் இலக்கம் இருந்தால், அந்த வரிகளையும் பெயரோடு சேர்த்து A, B நிரல்களின் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரே கட்டத்துக்குள் இரண்டு இலக்கங்கள் ::: என்ற குறியால் பிரிக்கப்பட்டிருந்தால், முதல் வரி பின்னால் உள்ளதை மட்டும் எடுக்கும், அப்படிப்பட்டவற்றை முதலில் கையால் இரண்டு வரிகளாக்குங்கள். 011 இல்லாமல் ஏழு இலக்கங்களாக மட்டும் எழுதிவைத்த கொழும்பு வீட்டுத் தொலைபேசிகள் இந்த வலையில் அகப்படா. அவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தத் தாள் பார்ப்பதற்கு மட்டும்தான். இதைத் திருத்தி மறுபடியும் கணக்குக்குள் ஏற்ற வேண்டாம். அட்டவணை மென்பொருள்கள் முன்னால் உள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும், கூட்டல் குறியை எடுத்துவிடும். மறுபடி ஏற்றும்போது பதிவுகள் புதிதாகச் சேர்ந்து, இருந்த இரட்டைகள் நான்காகும்.

இலக்கம் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ஆளும் ஒன்று. வீட்டுத் தொலைபேசி மட்டும் விதிவிலக்கு, அது கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கலாம். மறுதலை உண்மையல்ல: பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. கொழும்பில் வீடு வைத்திருக்கும் எவருடைய பட்டியலிலும் "பைப் பாஸ்" என்று இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருந்தபோது வந்தவர், மற்றவர் வெள்ளவத்தைக்கு மாறியபின் கிடைத்தவர். "குமார் ஓட்டோ" என்று மூன்று பேர் இருப்பதும் புதினமல்ல. Merge all என்பதை அழுத்தக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இது இரண்டாவது காரணம். பரிந்துரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து இணையுங்கள். ஆள் வேறென்றால் விட்டுவிட்டு, பெயருக்குப் பக்கத்தில் இடத்தைச் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இப்போது எது புதியது என்ற கேள்விக்கு வருகிறேன். இதை ஓர் உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மாவின் கைப்பேசியை அண்மையில் இப்படித்தான் ஒழுங்குபடுத்தினேன். 612 பதிவுகள் இருந்தன. முடித்தபோது 431 ஆனது. அதில் அவருடைய தம்பி ஒருவருக்கு மட்டும் நான்கு பதிவுகள் இருந்தன. பெயர்களைப் பிள்ளைகள் பதிந்து கொடுத்ததால் தம்பியும் அங்கே மாமாவாகவே இருந்தார். முழு இலக்கங்களைத் தராமல் கடைசி நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது "ஸ்ரீதரன் மா" என்று அறுந்து நின்றது, சிம்மில் இருந்து வந்தது, இலக்கம் 3308. இரண்டாவது ஆங்கில எழுத்தில் Sritharan Mama. கூகுள் கணக்கில் இருந்தது. 3308, 4471 என்று இரண்டு இலக்கங்களும், அவர் முன்பு வேலை செய்த இடத்து மின்னஞ்சலும் அதில் இருந்தன. மூன்றாவது "சிறீதரன் மாமா", உள் நினைவகத்தில். 4471 மட்டும், +94 சேர்த்து எழுதப்பட்டிருந்தது. நான்காவது Sri Mama New, கூகுள் கணக்கில், இலக்கம் 9052.

யாராக இருந்தாலும் 9052 தான் புதியது என்று எண்ணத் தோன்றும். பெயரிலேயே New இருக்கிறதே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் contacts.google.com இல் அந்தப் பதிவைத் திறந்து அடிப்பகுதியைப் பார்த்தபோது, அது சேர்க்கப்பட்ட ஆண்டு 2019 என்று இருந்தது. அன்றைக்கு அது புதிய இலக்கம். அதற்குப் பிறகு இன்னொன்று வந்திருக்கலாம். அங்கே காட்டப்படும் திருத்திய நாள், சேர்த்த நாள் இரண்டையும் நான் எப்போதும் பார்ப்பேன். ஆனால் அவற்றை முழுச் சான்றாக எடுப்பதில்லை. இரண்டாவது பதிவு திருத்தப்பட்டதாகக் காட்டிய நாள் 2023 இல் இருந்தது. அன்று யாரோ பிறந்தநாளைச் சேர்த்திருக்கிறார்கள். இலக்கத்தைத் தொடவே இல்லை. புதிய கைப்பேசிக்கு மாறும்போது ஒரு கோப்பிலிருந்து ஏற்றியிருந்தால், எல்லாப் பதிவுகளும் அந்த ஒரே நாளைத்தான் காட்டும். உங்களுடையவற்றில் அப்படி ஒரே நாள் வரிசையாக வந்தால், இந்தச் சான்றை முற்றாக ஒதுக்கிவிடுங்கள்.

பதிவு எப்போது எழுதப்பட்டது என்பதைவிட, இலக்கத்தில் கடைசியாக எப்போது பேசினீர்கள் என்பது பலமான சான்று. பெரியம்மாவின் அழைப்பு வரலாற்றில் 4471 க்கு இரண்டு வாரங்களுக்கு முன் பேசியிருந்தார். 9052 அங்கே இல்லவே இல்லை. அடுத்து வட்ஸ்அப்பைத் திறந்தேன். ஒருவர் வட்ஸ்அப்பின் அமைப்புகளுக்குள் உள்ள Change number வழியாகவே இலக்கத்தை மாற்றியிருந்தால், பழைய உரையாடலுக்குள் அவர் இலக்கம் மாற்றியதைச் சொல்லும் ஒரு சிறு அறிவிப்பு வரும். 9052 இன் உரையாடலில் அந்த அறிவிப்பு இருந்தது. புதிய இலக்கம் 4471. இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது, ஏனென்றால் அதைச் சொன்னவர் இலக்கத்துக்கு உரியவரே. பழைய உரையாடலை அழித்துவிட்டால் இந்த அறிவிப்பும் போய்விடும். ஆகவே பட்டியலை ஒழுங்குபடுத்தி முடியும்வரை வட்ஸ்அப் உரையாடல்களைத் துப்புரவு செய்யாதீர்கள்.

வட்ஸ்அப்பில் ஒருவருடைய படம் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து இலக்கம் உயிரோடு இருக்கிறது, அவரிடம்தான் இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. நீண்டகாலம் ரீலோட் செய்யாமல் விட்ட இலக்கங்கள் ரத்தாகி, பின்னர் வேறொருவருக்கு விற்கப்படுவது உண்டு. பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்று வட்ஸ்அப் காட்டும் அறிவிப்பும் இரண்டு பொருள் தரும்: அதே ஆள் புதிய கைப்பேசிக்கு மாறியிருக்கலாம், அல்லது அந்த இலக்கம் வேறு கைக்குப் போயிருக்கலாம்.

அதனால் நெருங்கியவர்கள், பணக்கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள், மருத்துவர் ஆகியோருடைய இலக்கங்களை ஒரு தடவை அழைத்தே உறுதி செய்வேன். 4471 க்கு அழைத்தேன், மாமாவே எடுத்தார். "9052 என்னட்டை இல்லை, அதைப் பிள்ளைக்குக் குடுத்திட்டன்" என்றார். அதாவது, நான் அழிக்கவிருந்த இலக்கம் இப்போது மச்சாளுடைய இலக்கம். பெரியம்மாவின் பட்டியலில் மச்சாளுக்கு வேறு இலக்கமே இல்லை. 3308 க்கு அழைத்தபோது குருநாகலில் இருந்து ஒருவர் சிங்களத்தில் பேசினார். மாமாவை அவருக்குத் தெரியாது. ஒரு பெயரின் கீழ் இருந்த மூன்று இலக்கங்களில் ஒன்று அவருடையது, ஒன்று மகளுடையது, ஒன்று முன்பின் தெரியாத ஒருவருடையது. Merge all அழுத்தியிருந்தால் மூன்றும் மாமாவின் பெயரிலேயே நின்றிருக்கும், பெரியம்மா அந்த மூன்றாமவருக்கு எப்போதாவது ஒரு குடும்பப் படத்தை அனுப்பியும் இருப்பார்.

முடிவு தெரிந்தபின் வேலை சில நிமிடங்கள்தான். முதலில், நான்கில் அதிகத் தகவல் உள்ளதைத் தங்கும் பதிவாகத் தெரிவு செய்தேன். அது பிறந்தநாள் இருந்த இரண்டாவது பதிவு. இணைப்பதற்கு முன்பே 9052 ஐ அதன் பதிவிலேயே வைத்து, பெயரை மட்டும் மச்சாளின் பெயராக மாற்றி, அதைத் தனியே விட்டேன். பிறகு மற்ற மூன்றையும் contacts.google.com இல் தெரிவு செய்து Merge கொடுத்தேன். பெயரும் படமும் ஒன்றுக்கு மேல் நிற்க முடியாது என்பதால், இணைத்தவுடன் பதிவைத் திறந்து, பெயர் நாங்கள் விரும்பியபடிதான் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். பெரியம்மா எப்போதும் "ஸ்ரீ" என்று தேடுவார் என்பதால் தமிழ்ப் பெயரை முதற்பெயராகவும், ஆங்கில எழுத்தை Nickname என்ற இடத்திலும் வைத்தேன். இரண்டு எழுத்திலும் தேடினாலும் ஆள் அகப்படுவார்.

இணைந்த பதிவில் 4471 இரண்டு தடவை, 077 என்று ஒன்றும் +9477 என்று ஒன்றுமாக வந்திருந்தது. 077 ஐ நீக்கி +94 வடிவத்தை வைத்தேன். வெளிநாட்டிலிருந்து அழைத்தாலும் அது வேலை செய்யும்; அடுத்த தடவை ஒப்பிடும்போதும் ஒரே வடிவமாக இருக்கும். 3308 ஐத் தொலைபேசிப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டு, Notes என்ற குறிப்புப் பகுதியில் அது பழைய இலக்கம் என்றும் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது என்றும் எழுதினேன். பழைய இலக்கத்தை அடியோடு அழிக்காமல் இப்படிக் குறிப்பில் வைப்பதை நான் எல்லோருக்கும் சொல்வேன். வங்கிப் படிவத்திலோ பழைய கடிதத்திலோ அந்த இலக்கம் மீண்டும் தலைகாட்டும்போது அது யாருடையதாக இருந்தது என்று தெரியும். அதேவேளை, தொலைபேசிப் பகுதியில் இல்லாததால் தவறுதலாக அழைக்கவும் முடியாது; அந்த மூன்றாமவர் அழைத்தால் மாமாவின் பெயர் திரையில் தோன்றி ஏமாற்றவும் செய்யாது. வேலையிடத்து மின்னஞ்சலையும் இதேபோல் குறிப்புக்கு மாற்றினேன்.

எண்ணூறு பேருக்கும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. தாளில் D நிரல் காட்டும் இரட்டைகளில் பெரும்பாலானவை ஒரே இலக்கமும் வேறு எழுத்திலுள்ள பெயருமாகவே இருக்கும். அவற்றில் புதியது, பழையது என்ற கேள்வியே இல்லை, உடனே இணைக்கலாம். ஒரே ஆளுக்கு வெவ்வேறு இலக்கங்கள் உள்ளவை மட்டும்தான் நேரம் எடுக்கும். பெரியம்மாவின் பட்டியலில் அப்படிப்பட்டவர்கள் 38 பேர்தான். அவர்களில் 11 பேருக்கு மட்டுமே அழைக்க வேண்டியிருந்தது. ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், தாளை அகரவரிசையில் பிரித்து மாலையில் ஒரு பகுதியாகச் செய்யுங்கள். களைத்துப்போய்ச் செய்யும்போதுதான் பைப் பாஸ் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள்.

மிகப் பழைய ஏட்டிலிருந்து பதிந்த கொழும்பு வீட்டு இலக்கங்கள் உங்களிடம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பு 01 என்ற குறியோடு ஆறு இலக்கங்களாக இருந்தவை, 011 ஆகி, முன்னால் 2 சேர்ந்து ஏழாகின. 58 என்று தொடங்கிய வெள்ளவத்தை இலக்கம் இப்போது 258 என்று தொடங்கும். ஆகவே ஒரே வீட்டுக்கு இரண்டு இலக்கங்கள் இருப்பதாகத் தோன்றினால், முதலில் இந்த 2 தான் வேறுபாடா என்று பாருங்கள்.

வீட்டில் யாரிடமாவது ஐபோன் இருந்தால், iOS 16 முதல் Contacts செயலியின் மேற்பகுதியில் Duplicates Found என்று தானாகவே காட்டும். அதுவும் இலக்கங்களைச் சேர்த்து வைக்குமே தவிர, பழையதை நீக்காது. மேலே சொன்ன ஒழுங்கு அதற்கும் பொருந்தும்.

எல்லாம் முடிந்து சில நாட்களில் அழித்த பெயர் ஒன்று திரும்பி வந்தால், மறுபடி அழிப்பதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பதிவைத் திறந்து, அது எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் போதும். சிம் என்றிருந்தால், நீங்கள் சிம்மில் அழிக்கவில்லை. கூகுள் கணக்கு என்றிருந்தால், மேசை இலாச்சியில் கிடக்கும் பழைய கைப்பேசியோ, பிள்ளைகள் விளையாடும் டெப்லட்டோ அதே கணக்கோடு இணைந்திருந்து, நீண்டநாள் கழித்து வைஃபை கிடைத்தவுடன் தன்னிடம் இருந்ததை மேலே அனுப்பியிருக்கலாம். அந்தச் சாதனத்தின் அமைப்புகளில் கூகுள் கணக்கைத் திறந்து, தொடர்புகளுக்கான ஒத்திசைவை நிறுத்திவிட்டு, பிறகு அந்தப் பதிவை அழியுங்கள். கூகுள் கணக்கில் அழித்தவை 30 நாட்கள் Trash இல் இருக்கும். இந்த வேலையில் தவறுதலாக யாரையாவது அழித்துவிட்டோமா என்ற ஐயம் இருந்தால், அந்த 30 நாட்கள் முடிவதற்குள் ஒருமுறை Trash ஐத் திறந்து பெயர்களை வாசித்துப் பாருங்கள். பெரியம்மாவின் Trash இல் இருந்து நாங்கள் இரண்டு பேரைத் திரும்ப எடுத்தோம்.